தையல்காரரும் பேசும் ஊசியும்: இடைநிலை மாணவர்களுக்கு ஒரு கதை, படித்துவிட்டுச் சொல்லுங்கள்

மலைப்பூண்டு:

வணக்கம். கொடைக்கானலில் மாலை நேரத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் வெளி மாநிலத்திலிருந்து வந்து இங்கே கடையோ விடுதியோ நடத்துகிறவர்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். மூன்று காலமும் வேற்றுமை உருபுகளும் தெரியும். 'போய்', 'வாங்கிய' மாதிரி வடிவங்களும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. இதற்கு மேல் வாசிக்கக் கொடுக்கத்தான் ஒன்றும் அகப்படவில்லை. குழந்தைக் கதை கொடுத்தால் கொட்டாவி விடுகிறார்கள். வார இதழ்க் கதை கொடுத்தால் இரண்டாம் பத்தியில் நின்றுவிடுகிறார்கள். அதனால் பாட்டி கதை பாணியில் நானே ஒன்று எழுதினேன். கதை சொல்லும் பகுதி எழுத்து நடை, பாத்திரங்கள் பேசுவது பேச்சு நடை. கதையையும் சொல்லுங்கள், மொழியையும் சொல்லுங்கள்.

ஒரு ஊரில் ஒரு தையல்காரர் இருந்தாராம். அந்த ஊரின் பெயர் பூம்பாறை. மலைச்சரிவில் படிப்படியாகப் பூண்டுத் தோட்டங்கள். கடைசி வீட்டுத் திண்ணையில் தையல்காரர் சின்னையா உட்கார்ந்திருப்பார்.

சின்னையா வேகமாகத் தைப்பார். அதைவிட வேகமாகப் பேசுவார். ஆனால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் துணி கொடுத்தாலும் அதில் ஒரு துண்டு அவருடைய பெட்டிக்குப் போய்விடும்.

ஒரு நாள் மன்னவனூரிலிருந்து ஓர் ஆட்டுக்காரர் வந்தார். சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டார். அவரிடம் காசு இல்லை. ஒரு கை நிறைய ஆட்டு மயிர் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மயிருக்குள் ஓர் ஊசி இருந்தது. பழைய ஊசி. ஆனால் துரு இல்லை.

சின்னையா அதில் நூல் கோத்தார். உடனே ஊசி பேசியது.

"அப்பாடா! பேசி எத்தன நாளாச்சு!"

சின்னையா பயந்துபோய் ஊசியைக் கீழே போட்டார். நூல் கழன்றது. ஊசி பேசவில்லை. மறுபடியும் நூல் கோத்தார்.

"ஏன் கீழ போட்டீங்க?"

"நீ பேசுவியா?"

"காதுல நூல் இருந்தா பேசுவேன். நூல் தீந்தா பேச்சும் தீரும்."

சின்னையாவுக்கு ஆசை வந்தது. ஐந்து முழம் நூல் கோத்தார். "இப்போ நிறையப் பேசு" என்றார். ஊசி பேசத் தொடங்கியது. நூல் சிக்கியது. பேச்சும் சிக்கியது. "நா... நா... நான்..." என்றது. அவர் நூலை அறுத்து ஒரு முழம் மட்டும் விட்டார். "இது போதும்" என்றது ஊசி.

ஐப்பசி மாதம். பொன்னம்மா பாட்டி ஒரு கம்பளியோடு வந்தார். "தம்பி, பேரனுக்கு ஒரு கோட்டு வேணும். சந்தையில வாங்கின புதுக் கம்பளி. கொஞ்சம் தாராளமா தைச்சுக் குடு."

பாட்டி போன பிறகு சின்னையா கம்பளியை விரித்தார். அளந்தார். சாக்கால் கோடு போட்டார். கத்தரிக்கோலை எடுத்தார்.

"முதல்ல நனைங்க" என்றது ஊசி.

"எதுக்கு?"

"புதுக் கம்பளி. சுருங்கும்."

"நனைச்சா காயிறதுக்கு மூணு நாள் ஆகும். நீ சும்மா இரு." சின்னையா நூலை உருவினார். ஊசி அமைதியானது. கோட்டு அன்றைக்கே முடிந்தது. ஒரு துண்டு பெட்டிக்குப் போனது.

மறுநாள் காலை மலையெல்லாம் பனிமூட்டம். பேரன் கோட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். மாலையில் வீட்டுக்கு வந்தான். கோட்டின் கை முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது!

பாட்டி வந்தார். "தம்பி, இது என் பேரனுக்குத் தைச்சதா, ஆட்டுக்குட்டிக்குத் தைச்சதா?"

"கம்பளி சுருங்கிடுச்சு பாட்டி. நான் என்ன பண்றது?"

பாட்டி போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். சின்னையா ஊசியில் நூல் கோத்தார். "இப்போ சொல்லு" என்றார் மெதுவாக.

"பெட்டியத் திறங்க" என்றது ஊசி.

பெட்டிக்குள் அதே கம்பளித் துண்டு. பாட்டி பார்த்தார், சின்னையா தரையைப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டை எடுத்துக் கோட்டின் கையில் வைத்தார். ஊசி உள்ளே போகவில்லை.

"என்ன?" என்றார் சின்னையா. ஊசி பேசவில்லை. அவரே யோசித்தார். எழுந்து போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். துண்டை நனைத்தார். காயவைத்தார். பிறகு இரண்டு கைக்கும் பட்டை வைத்துத் தைத்தார்.

பாட்டி இரண்டு பூண்டு கொடுத்தார். சின்னையா ஊசியிடம் கேட்டார்: "சரியா இருக்கா? சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு..." என்றது ஊசி. நூல் தீர்ந்துவிட்டது.

அவ்வளவுதான். கடைசி வரியை மாணவர்களே முடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

கத்தரிக்கோல்:

வத்தலக்குண்டில் நெடுங்காலம் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு முழ நூல் விஷயம் சரி. கையில் தைக்கிறவன் அதற்கு மேல் நூல் எடுத்தால் முடிச்சு விழும், இழுத்து இழுத்துக் கையும் வலிக்கும். ஆட்டு மயிருக்குள் இருந்த ஊசி துருப்பிடிக்காததும் சரி. அலசாத மயிரில் எண்ணெய்ப் பசை இருக்கும். ஈர ஊர்களில் அந்த மயிரைத் துணிக்குள் அடைத்து ஊசி குத்தி வைப்பதுண்டு.

கோட்டு சுருங்குகிற இடம்தான் இடிக்கிறது. பனிமூட்டத்தில் கம்பளி சுருங்காது. மேல் மயிரில் முத்து முத்தாக நிற்கும், உதறினால் போய்விடும். உங்கள் ஊரில் எல்லோரும் பனியில்தான் கம்பளி போர்த்திக்கொண்டு போகிறார்கள், சுருங்குகிறதா? மாணவர்களும் அங்கேயே இருக்கிறவர்கள். சிரிப்பார்கள்.

அரைமுழம்:

அதற்கு என்ன, பாட்டி வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்தார் என்று மாற்றிவிட்டால் போயிற்று. கம்பளி வெந்நீர் பட்டால்தான் சுருங்கும், பச்சைத் தண்ணீரில் ஒன்றும் ஆகாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

கத்தரிக்கோல்:

பாதி சரி தம்பி. வெந்நீர், சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் மயிர்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி அப்படியே இறுகிவிடும். அந்தச் சுருக்கம் போகவே போகாது. ஆனால் பச்சைத் தண்ணீரிலும் புதுக் கம்பளி சுருங்கும். தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். அந்த இழுப்பு துணிக்குள்ளேயே இருக்கும். முதல் தடவை முழுக்க நனையும்போது அது தளர்ந்து தன் நீளத்துக்கு வந்துவிடும். அதனால்தான் பாவு ஓடும் பக்கத்தில் அதிகம் குறையும். ஊசி 'முதல்ல நனைங்க' என்று சொல்வது இந்தச் சுருக்கத்துக்காகத்தான்.

இப்போது கதையைப் பாருங்கள். பாட்டி வெந்நீரில் கசக்கினார் என்று வைத்தால் சின்னையா தப்பித்துவிடுகிறார். வெட்டுவதற்கு முன் நனைத்திருந்தாலும் வெந்நீரும் சோப்பும் பட்டால் அது மறுபடி சுருங்கத்தான் செய்யும். குற்றம் பாட்டி தலையில் விழும், ஊசி சொன்ன யோசனையும் வீண். ஐப்பசி என்றுதானே போட்டிருக்கிறீர்கள், அடைமழையில் பையன் தொப்பலாக நனையட்டும். கோட்டு ஈரம் ஊறி, தானாகக் காயட்டும். அப்போது குற்றம் முழுக்க சின்னையாவுடையது.

இன்னொன்று. முழங்கை வரை ஏறாது. சிறு பையன் கோட்டுக் கையில் ஒரு இஞ்சு, மிஞ்சினால் ஒன்றரை இஞ்சு. மணிக்கட்டு தெரியும், அவ்வளவுதான்.

அரைமுழம்:

பேசுகிற ஊசியை ஒத்துக்கொள்கிறவர்கள் நாலு இஞ்சு கூடுதலாகச் சுருங்குவதை ஒத்துக்கொள்ள மாட்டார்களா?

கத்தரிக்கோல்:

ஊசி பேசட்டும். துணி துணியாக இருக்கட்டும்.

கோத்தகிரிக்காரி:

நல்ல இழை. எனக்கும் ஊசிப் பிரச்சினைதான். கோத்தகிரியில் இருக்கிறேன். கம்பளித் துணியில் பிள்ளைகளுக்கு மேல்கோட்டு தைத்துப் பழகுகிறேன். மெஷின் நடுநடுவே தையலை விட்டுவிட்டுப் போகிறது. ஊசியிலும் லேசாகத் துரு. கடையில் நம்பர் பெரிதாக வாங்கினால் மெல்லிசாக இருக்கும் என்று சொன்னார்கள். எந்த நம்பர் வாங்குவது?

மலைப்பூண்டு:

அம்மா, இது கதைக்கான இழை. ஆனாலும் கத்தரிக்கோல் ஐயா இருக்கிறார், சொல்லுவார்.

கத்தரிக்கோல்:

கடைக்காரர் சொன்னது கை ஊசிக்குப் பொருந்தும். கை ஊசியில் நம்பர் ஏற ஏற மெல்லிசாகும். மெஷின் ஊசியில் நேர் எதிர், நம்பர் ஏற ஏறத் தடிமன். சாதாரணச் சட்டைத் துணிக்கு 14, கம்பளிக் கோட்டுக்கு 16. ரொம்பத் தடித்த கம்பளி என்றால் 18. துரு ஏறிய ஊசியைத் தேய்த்துப் பார்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். அந்தச் சொரசொரப்பு நூலைக் கீறும், தையலும் விடும். புது ஊசி போடும்போது அதன் தட்டைப் பக்கம் உங்கள் மெஷினுக்குச் சொன்ன திசையில் இருக்கிறதா என்று பார்த்து, முட்டும் வரை மேலே ஏற்றி முறுக்குங்கள்.

வாத்தியார்வீடு:

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். துணி விவகாரத்தில் தலையிடவில்லை, மொழிக்கு வருகிறேன்.

மலைப்பூண்டு தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, இந்தக் கதையில் ஒரு நல்ல சரக்கு இருக்கிறது. தையல் வேலையில் வருகிற வினைச்சொற்களைக் கவனியுங்கள். நூல் அறுந்தது, நூலை அறுத்தார். துணி நனைந்தது, துணியை நனைத்தார். தையல் பிரிந்தது, தையலைப் பிரித்தார். கிழிந்தது, கிழித்தார். மடிந்தது, மடித்தார். எல்லாம் ஜோடி ஜோடியாக வருகின்றன. ஒன்றில் காரியம் தானாக நடக்கிறது, மற்றதில் ஒருவர் அதைச் செய்கிறார். தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கிறவர்கள் இடைநிலையில் தடுக்கி விழுவது இங்கேதான். 'துணியை நனைந்தேன்' என்பார்கள், 'நூல் அறுத்தது' என்பார்கள். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் பரீட்சையோடு மறந்துவிடும்.

உங்கள் கதையில் ஓரிடத்தில் இது கதையாகவே ஆகிவிட்டது. சின்னையா என்ன சொல்கிறார்? "கம்பளி சுருங்கிடுச்சு பாட்டி. நான் என்ன பண்றது?" தான் செய்ததைத் தானாக நடந்தது போலச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார். நம் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான். தம்ளரை உடைத்தவன் 'தம்ளர் உடைஞ்சிடுச்சு' என்றுதான் சொல்லுவான். அந்த இடத்தில் உங்கள் ஊசி பேசாமல் இருக்கிறது. அதுவல்லவா திருத்த வேண்டும்?

அரைமுழம்:

அதாவது அவர் செயப்பாட்டுவினையில் பேசுகிறார், ஊசி அதைச் செய்வினையாக மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

வாத்தியார்வீடு:

செய்தவரை மறைக்கிறார் என்ற வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 'சுருங்கியது' செயப்பாட்டுவினை இல்லை. 'சுருக்கப்பட்டது' என்றால்தான் செயப்பாட்டு. அப்படிச் சொன்னால் யாரால் என்ற கேள்வி உடனே வந்துவிடும். 'சுருங்கியது' என்றால் அந்தக் கேள்வியே எழாது. சின்னையா புத்திசாலி, 'பட்டது' போட மாட்டார்.

வெளியூர்ப்பறவை:

நான் புனேயிலிருந்து வந்து கொடைக்கானலில் வசிக்கிறேன். தமிழ் கற்கிறேன். மலைப்பூண்டு சாரின் வகுப்பு இல்லை, வேறு இடம். கதை எனக்குப் புரிந்தது. மிகவும் பிடித்தது. சில கேள்விகள்.

வாத்தியார் சார் சொன்ன ஜோடிகளில் நடுவில் 'ந்த' வந்தால் தானாக நடந்தது, 'த்த' வந்தால் ஒருவர் செய்தது என்று என் ஆசிரியரும் சொன்னார். அதை நம்பி என் கணவர், வீட்டுக்கார அம்மாவிடம் 'துணி காய்ந்தது' என்பதற்கு ஜோடியாக 'துணியைக் காய்த்தேன்' என்றார். அம்மா சிரித்தார். பிறகு கணவர் 'காய்ச்சினேன்' என்றார். அம்மா இன்னும் அதிகம் சிரித்தார். ஏன் என்று இன்று வரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்புறம் 'நனைங்க' என்று ஊசி சொல்லும்போது, சின்னையா போய் மழையில் நனைய வேண்டுமா, கம்பளியை நனைக்க வேண்டுமா? நான் முதலில் தையல்காரர் குளிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வாத்தியார்வீடு:

அம்மா, முதல் கேள்விக்கு: மரம்தான் காய்க்கும், பால்தான் காய்ச்சுவோம். துணிக்கு 'காயவைத்தேன்' அல்லது 'காயப்போட்டேன்'. உங்கள் ஆசிரியர் சொன்ன வழி நிறைய இடத்தில் கைகொடுக்கும், எல்லா இடத்திலும் கொடுக்காது. 'சுருங்கியது' என்பதற்கு 'சுருக்கினார்', 'கழன்றது' என்பதற்கு 'கழற்றினார்' என்று வேறு மாதிரியும் ஜோடி சேரும். இவற்றை ஒவ்வொன்றாகக் காதில் வாங்கித்தான் பழக வேண்டும். அதற்குத்தான் கதை.

இரண்டாவது கேள்வி அருமையானது. ஏவலில் இரண்டுக்கும் ஒரே வடிவம். எங்களுக்கு இடத்தைப் பார்த்ததும் புரிந்துவிடுவதால் கண்ணில் படவே இல்லை. 'கம்பளிய நனைங்க' என்று ஐ உருபோடு சொல்லிவிட்டால் குழப்பம் தீரும். மலைப்பூண்டு கவனிக்கவும்.

மலைப்பூண்டு:

கவனித்துவிட்டேன். எனக்கு ஒரு சந்தேகம். ஊசி அடிக்கடி வினைச்சொல்லைத் திருத்திக்கொண்டே இருந்தால் இலக்கணப் பாடம் மாதிரி ஆகிவிடாதா? கதைக்குள் வாத்தியார் நுழைந்துவிட்டார் என்று தெரிந்தால் மாணவர்கள் முகம் மாறிவிடும்.

வாத்தியார்வீடு:

அடிக்கடி வேண்டாம். ஒரே இடத்தில், சண்டையாக வரட்டும். பாட்டி முன்னால், பெட்டி திறக்கிற நேரத்தில். ஊசிக்கு ஒரு முழ நூல்தானே, ஒரு சொல்லுக்கு மேல் பேச அதற்கு வசதி இல்லை. நீங்கள் அறியாமலே வைத்த விதி உங்களைக் காப்பாற்றும். நீளமாக விளக்கம் சொல்கிற ஊசியாக இருந்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன்.

கத்தரிக்கோல்:

அந்த இடத்தில் தையல் நியாயம் ஒன்று சேருங்கள். கை குறைந்தால் எந்தத் தையல்காரனும் முதலில் பார்ப்பது உள்மடிப்பைத்தான். பிள்ளைகள் கோட்டுக்கு முனையில் இரண்டு இஞ்சு மடித்து விடுவோம். வளர வளரப் பிரித்து விடலாம். பாட்டி 'தாராளமா தைச்சுக் குடு' என்று சொன்னதற்கு அர்த்தமே அதுதான். சின்னையா அந்த இரண்டு இஞ்சையும் வெட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறார். அதனால்தான் பிரித்துவிட வழியில்லாமல் பட்டை வைக்க வேண்டியிருக்கிறது. பாட்டி கையை உள்பக்கம் திருப்பிப் பார்க்கட்டும், அங்கேயே பிடிபடுவார். பட்டைக்கு எடுக்கிற துண்டிலும் பாவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, கையின் நீளவாக்கில் வருகிற மாதிரி வைக்க வேண்டும். கதைக்கு அது தேவையில்லை, உங்கள் தகவலுக்குச் சொன்னேன்.

காயவைக்கிற விதத்தை மட்டும் ஒரு வரியில் போடுங்கள். நனைத்த கம்பளியைக் கயிற்றில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் இழுபடும், அப்புறம் நனைத்ததற்கே பயனில்லை. முறுக்கிப் பிழியவும் கூடாது. சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு, நிழலில் பரப்பிப் போட வேண்டும்.

அரைமுழம்:

கதையின் ஆரம்பத்தில் மட்டும் 'இருந்தாராம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரியிலேயே 'தைப்பார்', 'வந்தார்' என்று மாறிவிட்டீர்கள். எங்கள் பாட்டி கதை சொன்னால் கடைசி வரை ஆம், ஆம்தான். 'போனாராம், பாத்தாராம், ஊசி பேசுச்சாம்.' அது இல்லாமல் என்ன பாட்டி கதை? பேச்சில் கேட்கிற சுகமே அதில்தான்.

வாத்தியார்வீடு:

கேட்கும்போது சுகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படிக்கிற மாணவனுக்கு ஒவ்வொரு வினைமுற்றும் நீளும். 'போட்டுக்கொண்டாராம்' என்பதை உடைத்துப் படிப்பதற்குள் கதை கையை விட்டுப் போய்விடும். முதல் வரியில் ஒன்று, நம்ப முடியாத இடத்தில் ஒன்று, அவ்வளவு போதும். 'உடனே ஊசி பேசியதாம்' என்று வந்தால் அங்கே அழகாக உட்காரும்.

வெளியூர்ப்பறவை:

எனக்கு ஆம் எல்லா வரியிலும் வேண்டும். பக்கத்து வீட்டு ஆயா தினமும் அப்படித்தான் பேசுகிறார். 'அவன் வரானாம், இவ போறாளாம்.' முதலில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொல்கிறார் என்று நினைத்தேன். இது மற்றவர் சொன்ன செய்தி என்று புரியப் பல மாதம் ஆனது. கதையில் பழகியிருந்தால் சீக்கிரம் புரிந்திருக்கும்.

மலைப்பூண்டு:

இருவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. இரண்டு விதமாகவும் அச்செடுத்து, ஆம் வைத்ததை நான் வாசித்துக் காட்டுகிறேன், வைக்காததை அவர்கள் வாசிக்கட்டும். எது நிற்கிறது என்று பார்க்கலாம்.

மற்றதைத் திருத்திவிட்டேன். 'கம்பளிய நனைங்க' ஆகிவிட்டது. ஐப்பசி மழையிலிருந்து பட்டை தைப்பது வரை இப்போது இப்படி இருக்கிறது:

அடுத்த வாரம் அடைமழை பிடித்தது. பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து தொப்பலாக நனைந்து வந்தான். பாட்டி கோட்டைக் கழற்றிப் பாயில் பரப்பினார். கோட்டு மெதுவாகக் காய்ந்தது. காய்ந்த பிறகு பேரன் போட்டுப் பார்த்தான். இரண்டு மணிக்கட்டும் வெளியே தெரிந்தன.

பாட்டி கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, இது என் பேரனுக்குத் தைச்சதா, ஆட்டுக்குட்டிக்குத் தைச்சதா?"

"கம்பளி சுருங்கிடுச்சு பாட்டி. நான் என்ன பண்றது?"

"சரி, மடிப்பைப் பிரிச்சு விடு."

சின்னையா பதில் சொல்லவில்லை. பாட்டி கோட்டுக் கையை உள்பக்கம் திருப்பினார். மடிப்பு விரல் அகலம்கூட இல்லை.

"துணி குறைஞ்சிடுச்சு பாட்டி" என்றார் சின்னையா. சொல்லிக்கொண்டே, பட்டன் தைப்பவர் போல, ஊசியில் நூல் கோத்தார். கோத்திருக்கக் கூடாது.

"குறையல" என்றது ஊசி. "குறைச்சீங்க."

பாட்டி சுற்றிலும் பார்த்தார். "யாரு பேசுறது?"

"யாருமில்ல பாட்டி. ஒரு துண்டு மட்டும் பெட்டியில விழுந்திடுச்சு. அதான்..."

"விழல. போட்டீங்க."

சின்னையா நூலை உருவப் போனார். பாட்டி அவர் கையைப் பிடித்தார். "இரு தம்பி. அது இன்னும் பேசட்டும்."

"பெட்டியத் திறங்க" என்றது ஊசி.

சின்னையா பெட்டியைத் திறந்தார். பாட்டியின் கம்பளித் துண்டு மேலாகவே இருந்தது. அதை எடுத்துக் கோட்டின் கையில் வைத்தார். ஊசி உள்ளே போகவில்லை. சின்னையா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து துண்டை நனைத்தார். பிழியவில்லை. சுருட்டி அழுத்தினார். நிழலில் பரப்பிக் காயவைத்தார். மூன்று நாள் கழித்து இரண்டு கைக்கும் பட்டை வைத்துத் தைத்தார்.

கத்தரிக்கோல்:

இப்போது சரி. பனிமூட்டம் போனதில் எனக்கு நிம்மதி. பாட்டி அவர் கையைப் பிடிக்கிற இடம் நன்றாக வந்திருக்கிறது.

வாத்தியார்வீடு:

'குறையல, குறைச்சீங்க' போதும், 'விழல, போட்டீங்க' இரண்டாவது அடி. அது வேறு வேறு சொல் என்பதால் ஜோடியும் இல்லை. ஆனால் அடித்த வேகத்தில் நன்றாக இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

கடைசியில் அவர் ஊசியை 'சொல்லுங்க' என்று கூப்பிடுவதை யாரும் இங்கே கவனிக்கவில்லை. அதுவரை நீ, வா, போ என்று பேசியவர். மாணவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

வெளியூர்ப்பறவை:

நான் கவனித்தேன். ஆனால் ஊசி முதலிலிருந்தே அவரை நீங்க என்கிறது. வயதில் ஊசிதானே மூத்தது? பழைய ஊசி என்று எழுதியிருக்கிறீர்கள்.

மலைப்பூண்டு:

அது வேலைக்கு வந்த ஊசி, முதலாளியை நீங்க என்றுதான் சொல்லும் என்று நினைத்து எழுதினேன். பாட்டியையும் அது ஒருமுறை கூப்பிட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நூல் தீர்கிற வரியில் 'ஆனா பாட்டி, ஒண்ணு...' என்று வைக்கலாமா?

அரைமுழம்:

வைக்காதீர்கள். 'ஆனா ஒண்ணு' என்று நின்றால்தான் பத்துப் பேர் பத்து விதமாக முடிப்பார்கள். பாட்டி என்று போட்டால் எல்லோரும் பூண்டைப் பற்றியே எழுதுவார்கள்.

மலைப்பூண்டு:

அதுவும் சரிதான். விட்டுவிடுகிறேன்.

கோத்தகிரிக்காரி:

கத்தரிக்கோல் ஐயா, 16 போட்டேன். பாதிக்கு மேல் சரியாகிவிட்டது, நன்றி. கழுத்துப் பட்டை சேருகிற இடத்தில் மட்டும் இன்னும் விடுகிறது.

கத்தரிக்கோல்:

அங்கே துணி நாலு மடங்காக நிற்கும் அம்மா. மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி அந்த இடத்தைத் தாண்டுங்கள். அப்போதும் விட்டால் 18 வாங்கிப் போட்டுப் பாருங்கள். உள்ளே மடங்கிய துணியைப் படிப்படியாகக் கத்தரித்து மெல்லிசாக்கிவிட்டுத் தைத்தால் அதுவும் தேவைப்படாமல் போகலாம்.